ஒரே பயணம், ஐந்து விடைகள்: பங்சார் டெக்சிக் கட்டணக் கணக்கு



நான் கணித ஆசிரியர் இல்லை, தமிழ் ஆசிரியர். கட்டணக் கணக்கைப் பற்றி இவருக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. படிவம் 4 மாணவர்களின் கூடுதல் வகுப்பில், வாசித்துப் புரிந்துகொள்ளும் பயிற்சிக்காக ஒரு டெக்சிக் கட்டணக் கேள்வியைக் கொடுத்தேன். கூட்டலும் பெருக்கலும் எல்லாருக்கும் நன்றாகத் தெரியும். ஆனாலும் பலகையில் ஐந்து விடைகள் வந்து நின்றன. ஒவ்வொன்றையும் பின்னோக்கிப் பார்த்தபோது ஒன்று விளங்கியது. பிழை நான்கும் கணக்கில் நடக்கவில்லை, கேள்வியை வாசித்த இடத்திலேயே நடந்துவிட்டன.

முதலில் கேள்வியைப் பாருங்கள். நீங்களும் ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிட்டுக் கீழே வாருங்கள்.

கேள்வி

பங்சார் தெலாவி சாலையிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலைக்கு ஒருவர் டெக்சியில் போகிறார். பயணம் இரவு 12.40க்குத் தொடங்குகிறது. தொலைவு 4.3 கிலோமீட்டர். வழியில் ஒரு மாமாக் கடை முன்னால் உணவுப் பொட்டலம் வாங்க டெக்சி 9 நிமிடம் நிற்கிறது. கட்டண விகிதம் இதுதான்:

- முதல் 1 கிலோமீட்டருக்கு ரிம 3.00
- அதற்குப் பிறகு ஒவ்வொரு 200 மீட்டருக்கும் அல்லது அதன் பகுதிக்கும் 25 சென்
- காத்திருக்கும் நேரத்தில் ஒவ்வொரு 36 விநாடிக்கும் அல்லது அதன் பகுதிக்கும் 25 சென்
- நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை, மொத்தத்தில் 50 விழுக்காடு கூடுதல்

அவர் எவ்வளவு கட்ட வேண்டும்?

இந்த விகிதம் நானாகக் கற்பனை செய்தது இல்லை. 2015இல் கட்டணம் திருத்தப்பட்டபோது கோலாலம்பூரின் சிவப்பு வெள்ளை டெக்சிகளுக்கு வந்த விகிதம் இதுதான். கைப்பேசிச் செயலிகள் 'சர்ஜ்' என்று சொல்லும் நெரிசல் பெருக்கி வருவதற்கு முன்பே, நம் டெக்சிகளில் நள்ளிரவுக்கு 1.5 என்ற ஒரு பெருக்கி இருந்தது.

சரியான வழி

*முதல் படி, அடிப்படைக் கட்டணம்.* ரிம 3.00. இந்த மூன்று வெள்ளிக்குள் முதல் கிலோமீட்டர் அடங்கிவிட்டது.

*இரண்டாம் படி, தூரம்.* 4.3 கிலோமீட்டரில் 1 கிலோமீட்டரைக் கழித்தால் 3.3 கிலோமீட்டர், அதாவது 3300 மீட்டர். அதை 200ஆல் வகுத்தால் 16.5 கிடைக்கிறது. 'அதன் பகுதிக்கும்' என்று இருப்பதால் அந்த அரைக்கும் முழுசாக 25 சென் உண்டு. ஆகவே 17 முறை. 17 × 25 சென் = ரிம 4.25.

*மூன்றாம் படி, காத்திருப்பு.* 9 நிமிடம் என்பது 540 விநாடி. 540 ÷ 36 = 15. மிச்சமில்லை. 15 × 25 சென் = ரிம 3.75.

*நான்காம் படி, கூட்டல்.* 3.00 + 4.25 + 3.75 = ரிம 11.00.

*ஐந்தாம் படி, பெருக்கல்.* 50 விழுக்காடு கூடுதல் என்றால் 100 விழுக்காட்டோடு இன்னொரு 50. ஆகவே 11.00 × 1.5 = ரிம 16.50.

சொல்லில் எழுதினால் வாய்பாடு இப்படி:

கட்டணம் = (அடிப்படை + தூரக் கட்டணம் + காத்திருப்புக் கட்டணம்) × பெருக்கி

அந்த அடைப்புக்குறி சின்னதாகத் தெரியும். ஆனால் அது எங்கே திறக்கிறது, எங்கே மூடுகிறது என்பதுதான் இந்தக் கணக்கின் உயிர். அதற்குப் பிறகு வருவோம்.

மற்ற நான்கு விடைகள் எங்கிருந்து வந்தன?

*ரிம 18.38.* இந்த மாணவி 4.3 கிலோமீட்டரை அப்படியே எடுத்துக்கொண்டாள். 4300 ÷ 200 = 21.5, அதாவது 22 முறை, ரிம 5.50. முதல் கிலோமீட்டருக்கு இரண்டு தடவை காசு வாங்கிவிட்டாள். 'அதற்குப் பிறகு' என்ற ஒரு சொல்லைத் தாண்டிப் போனதால் வந்த பிழை இது. எல்லாக் கேள்வியிலும் இப்படிக் கழிக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள். 'அடிப்படைக் கட்டணம் ரிம 3, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ரிம 1.25' என்று மட்டும் இருந்தால் முதல் கிலோமீட்டருக்கும் கட்டணம் உண்டு. 'முதல் 1 கிலோமீட்டருக்கு' என்று இருந்தால்தான் கழிக்க வேண்டும்.

*ரிம 16.31.* இவன் 16.5 × 25 சென் = ரிம 4.125 என்று போட்டான். ஒரு கிலோமீட்டருக்கு ரிம 1.25 என்று சீராகக் கூடுகிற கணக்காக எடுத்துக்கொண்டால் இது சரிதான். ஆனால் கேள்வி அப்படிச் சொல்லவில்லை. டெக்சி மீட்டர் படிக்கட்டு மாதிரி ஏறும், சரிவுப் பாதை மாதிரி ஏறாது. வகுப்பில் இதை விளக்கியது நான் இல்லை. அப்பா டெக்சி ஓட்டுகிற ஒரு மாணவன் கடைசி வரிசையிலிருந்து, "டீச்சர், மீட்டர் பாதியில நிக்காது. இருபத்தஞ்சு காசு இருபத்தஞ்சு காசாதான் குதிக்கும்" என்றான். அந்த ஒரே வாக்கியத்தில் முழுப் பாடமும் இருக்கிறது.

*ரிம 14.25.* காத்திருப்பை 9 × 25 சென் = ரிம 2.25 என்று போட்டதால் வந்தது. விகிதம் விநாடியில், நேரம் நிமிடத்தில். கேள்வியில் இரண்டு அலகும் வெவ்வேறாக இருக்கும்போது மாற்றிய பிறகே வகுக்க வேண்டும். இங்கே ஒரு நிமிடத்துக்கு 25 சென் இல்லை, சுமார் 42 சென்.

*ரிம 13.13.* இது கொஞ்சம் ஆழமான பிழை. தூரக் கட்டணத்தை மட்டும் 1.5ஆல் பெருக்கிவிட்டு, அடிப்படையையும் காத்திருப்பையும் அப்படியே கூட்டியிருக்கிறான். 3.00 + 6.375 + 3.75. கேள்வி 'மொத்தத்தில்' என்கிறது. அந்தச் சொல்தான் அடைப்புக்குறி.

தமிழில் மாறும் ஒரு விகுதி

பெருக்கி வரும் இடத்தில் தமிழ் ஆசிரியர்களுக்கு நல்ல வேலை இருக்கிறது. கீழே உள்ள நான்கு வாக்கியங்களையும் 11 ரிங்கிட் கட்டணத்தை வைத்துப் பாருங்கள்.

- கட்டணம் 50 விழுக்காடு கூடும்: ரிம 16.50
- கட்டணம் 50 விழுக்காடாகும்: ரிம 5.50
- கட்டணம் 1.5 மடங்காகும்: ரிம 16.50
- கட்டணத்தோடு அதன் 1.5 மடங்கு கூடுதலாகச் சேரும்: ரிம 27.50

முதல் இரண்டுக்கும் எண் ஒன்றுதான். 'கூடும்' என்றால் பழைய தொகை அப்படியே இருக்கிறது, அதன் மேல் ஒன்று சேர்கிறது. 'ஆகும்' என்றால் பழைய தொகை போய்ப் புதிய தொகை வருகிறது. மாணவர்கள் எண்ணுக்குக் கீழே கோடு போடுவார்கள். எண்ணுக்குப் பின்னால் வரும் வினைச்சொல்லுக்குக் கீழே கோடு போடச் சொல்லுங்கள்.

எஸ்.பி.எம். கணிதத் தாள் மலாயிலும் ஆங்கிலத்திலும் வருகிறது, தமிழில் வருவதில்லை. ஆனால் தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த பிள்ளைகள் பலர் மனசுக்குள் தமிழாக்கித்தான் வாசிக்கிறார்கள். மலாயில் 'அத்தாவ் செபஹாகியான் டாரிபாடாஞா' என்று வந்தால், அது நம் 'அல்லது அதன் பகுதிக்கும்'. அதைக் கண்டவுடன் 'மேல்நோக்கி முழு எண்ணாக்கு' என்று மூளையில் மணி அடிக்க வேண்டும்.

20 கிலோமீட்டர் என்ற மறைந்த எண்

நிஜ மீட்டர் ஒரு விஷயத்தில் தேர்வுக் கேள்வியிலிருந்து வேறுபடுகிறது. கேள்வியில் டெக்சி ஓடுகிறது, அல்லது நிற்கிறது. ஆனால் மாலை ஆறு மணிக்கு மாரோஃப் சாலையில் வண்டி ஓடுவதும் இல்லை, நிற்பதும் இல்லை, ஊர்ந்துகொண்டிருக்கும். அப்போது மீட்டர் தூரத்தை எண்ணுமா, நேரத்தை எண்ணுமா?

விகிதத்திலேயே பதில் இருக்கிறது. 200 மீட்டருக்கும் 25 சென், 36 விநாடிக்கும் 25 சென். அப்படியானால் 36 விநாடியில் சரியாக 200 மீட்டர் போகும் வண்டிக்கு எப்படி எண்ணினாலும் ஒரே காசுதான். அந்த வேகம் என்ன? 36 விநாடியில் 200 மீட்டர் என்றால், ஒரு மணி நேரத்தில், அதாவது 3600 விநாடியில், 20,000 மீட்டர். மணிக்கு 20 கிலோமீட்டர்.

இதைவிட வேகமாகப் போனால் தூரம் அதிகக் காசு காட்டும், மெதுவாகப் போனால் நேரம் அதிகக் காசு காட்டும். வழக்கமான மீட்டர் இரண்டில் ஒன்றை மட்டுமே எண்ணும். மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் தூரம், கீழே நேரம்.

ஓர் எடுத்துக்காட்டு. வண்டி 12 நிமிடம் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்கிறது. போன தூரம் 2 கிலோமீட்டர். தூரத்தில் எண்ணினால் 2000 ÷ 200 = 10 முறை, ரிம 2.50. நேரத்தில் எண்ணினால் 720 ÷ 36 = 20 முறை, ரிம 5.00. மீட்டர் காட்டுவது ரிம 5.00. வேகம் 20இல் பாதி, கட்டணம் இரண்டு மடங்கு. மாணவன் இரண்டையும் கூட்டி ரிம 7.50 என்று எழுதினால், அதே 12 நிமிடத்துக்கு இரண்டு தடவை காசு வாங்கிவிட்டான் என்று அர்த்தம்.

நீங்கள் கேள்வி தயாரிக்கும்போது இதைக் கவனியுங்கள். 'நெரிசலில் 12 நிமிடம்' என்று எழுதினால், அந்த நேரத்தில் வண்டி நகர்ந்ததா, அந்தத் தூரம் மொத்தத் தொலைவில் சேர்ந்திருக்கிறதா என்ற குழப்பம் வரும். 'அசையாமல் நின்ற நேரம் 12 நிமிடம்' என்று எழுதினால் குழப்பமில்லை. என் கேள்வியில் மாமாக் கடையைக் கொண்டுவந்தது அதற்காகத்தான்.

செயலிக் கட்டணத்தில் அடைப்புக்குறி எங்கே?

இன்றைக்கு மாணவர்களுக்கு மீட்டரைவிடக் கைப்பேசிச் செயலிதான் பழக்கம். அங்கே பெருக்கி நேரத்தைப் பொறுத்து 1.2, 1.6 என்று மாறும். கேள்வி தயாரிப்பவருக்கு இது வசதியான எண். ஆனால் பெருக்கி எதன் மேல் விழுகிறது என்று எழுத மறந்துவிட்டால், ஒரே கேள்விக்கு இரண்டு சரியான விடை வந்துவிடும். கீழே வரும் விகிதம் பயிற்சிக்காக நான் எழுதியது, எந்த நிறுவனத்துடையதும் இல்லை.

பங்சாரிலிருந்து கிள்ளானுக்கு 30 கிலோமீட்டர். அடிப்படை ரிம 2.00. கிலோமீட்டருக்கு 90 சென். ஓட்டுநர் காத்திருந்தது 11 நிமிடம், அதில் முதல் 3 நிமிடம் இலவசம், மிச்சத்துக்கு நிமிடத்துக்கு 30 சென். பெருக்கி 1.6.

அடிப்படையும் தூரமும் சேர்த்து 2.00 + 27.00 = ரிம 29.00. காத்திருப்பு 8 × 30 சென் = ரிம 2.40.

எல்லாவற்றையும் பெருக்கினால்: 31.40 × 1.6 = ரிம 50.24.
காத்திருப்பை வெளியே வைத்தால்: 29.00 × 1.6 + 2.40 = ரிம 48.80.

வித்தியாசம் ரிம 1.44. இது எங்கிருந்து வந்தது என்று மாணவர்களிடம் கேளுங்கள். காத்திருப்புக் கட்டணம் 2.40, பெருக்கியில் 1க்கு மேல் உள்ள பகுதி 0.6. இரண்டையும் பெருக்கினால் 1.44. ஆக, எந்தத் தொகையை அடைப்புக்குறிக்கு வெளியே எடுக்கிறோமோ, அதன் 0.6 பங்கு விடையில் குறையும். சுங்கக் கட்டணம் சேர்ந்த கேள்வியிலும் இதே கதைதான். சுங்கச் சாவடியில் கட்டிய தொகை நெரிசலுக்காகக் கூடுவதில்லை, அதனால் அதைக் கடைசியில் அப்படியே கூட்ட வேண்டும்.

குறைந்தபட்சக் கட்டணம் வந்தால் வித்தியாசம் இன்னும் பெரிசு. அதே விகிதத்தில் 1.2 கிலோமீட்டர் பயணம், காத்திருப்பு இல்லை, குறைந்தபட்சம் ரிம 5.00 என்று வைத்துக்கொள்வோம். 2.00 + 1.08 = ரிம 3.08. முதலில் பெருக்கினால் ரிம 4.93. அது ஐந்தை எட்டவில்லை, ஆகவே கட்டணம் ரிம 5.00. முதலில் குறைந்தபட்சத்தைப் பார்த்து, பிறகு பெருக்கினால் 5.00 × 1.6 = ரிம 8.00. ஒரே எண்கள்தான், வரிசை மட்டும் மாறியது. மூன்று வெள்ளி வித்தியாசம். 'பெருக்கிய பிறகு ரிம 5க்குக் குறைந்தால் ரிம 5 வசூலிக்கப்படும்' என்று கேள்வியில் ஒரு வாக்கியம் சேர்த்துவிட்டால் போதும், திருத்தும்போது சண்டை இருக்காது.

முழுமையாக்கம் எப்போது?

கடைசியில் ஒரே ஒரு தடவை. 3.08 × 1.6 = 4.928 என்று வந்தால் அப்போதுதான் 4.93 ஆக்க வேண்டும், இடையில் ஆக்கக் கூடாது. ரொக்கமாகக் கொடுப்பது தனி விஷயம். 2008 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் ரொக்கமாகக் கட்டும் மொத்தத் தொகை அருகில் உள்ள 5 சென்னுக்கு முழுமையாக்கப்படுகிறது. ரிம 50.24 ரொக்கத்தில் ரிம 50.25 ஆகும். கேள்வி 'ரொக்கம்' என்று சொல்லாவிட்டால் 50.24 என்றே விடுங்கள்.

200 மீட்டருக்கும் 36 விநாடிக்கும் செய்த மேல்நோக்கிய முழுமையாக்கம் வேறு. அது எத்தனை முறை மீட்டர் குதித்தது என்று எண்ணுவது. அதைப் பெருக்கலுக்கு முன்பே செய்தாக வேண்டும். இந்த இரண்டையும் ஒரே பெயரில் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் குழம்பிப் போவார்கள். நான் முதலாவதை 'முழுமையாக்குதல்' என்றும், இரண்டாவதை 'குதிப்பு எண்ணுதல்' என்றும் சொல்கிறேன். அந்தக் கடைசி வரிசை மாணவன் தந்த சொல்.

விடையைத் தானே சோதிக்கும் வழி

டெக்சிக் கேள்வியில், பெருக்கிக்கு முந்திய தொகையைப் பாருங்கள். ரிம 3.00இல் தொடங்கி 25 சென் 25 சென்னாகத்தான் ஏறியிருக்கிறது. ஆகவே அது 00, 25, 50, 75 என்ற நான்கில் ஒன்றில்தான் முடிய வேண்டும். நம் சரியான விடையில் 11.00. ரிம 16.31 எழுதிய மாணவனுக்கு அந்த இடத்தில் 10.875 இருந்தது. அங்கேயே நின்று பார்த்திருந்தால் பிழை பிடிபட்டிருக்கும். ஆனால் முதல் கிலோமீட்டரைக் கழிக்க மறந்தவளுக்கு 12.25 வந்தது, அது இந்தச் சோதனையில் தப்பிவிடும். அதற்கு 'எத்தனை கிலோமீட்டருக்குக் காசு வாங்கினேன்?' என்று தன்னையே கேட்டுக்கொள்வதுதான் வழி.

பயிற்சி

1. அதே டெக்சி விகிதம். பகல் பயணம், 6.5 கிலோமீட்டர், ஒரே இடத்தில் அசையாமல் நின்றது 5 நிமிடம். கட்டணம் எவ்வளவு?

2. 2015க்கு முந்திய விகிதத்தில் முதல் கிலோமீட்டருக்கு அதே ரிம 3.00, அதற்குப் பிறகு ஒவ்வொரு 115 மீட்டருக்கும் அல்லது அதன் பகுதிக்கும் 10 சென், காத்திருப்பில் ஒவ்வொரு 21 விநாடிக்கும் அல்லது அதன் பகுதிக்கும் 10 சென். நள்ளிரவுக் கூடுதல் அதே 50 விழுக்காடு. நம் தெலாவி சாலைப் பயணத்துக்கு அப்போது எவ்வளவு ஆகியிருக்கும்?

3. 2015 விகிதத்தில் இரவு 2 மணிக்கு ஒருவர் ரிம 18.00 கட்டினார். வண்டி எங்கும் நிற்கவில்லை, மெதுவாக ஊரவும் இல்லை. அவர் எவ்வளவு தூரம் போயிருக்கலாம்?

விடைகள்

1. 5500 ÷ 200 = 27.5, ஆகவே 28 குதிப்பு, ரிம 7.00. 300 ÷ 36 = 8.33, ஆகவே 9 குதிப்பு, ரிம 2.25. மொத்தம் ரிம 12.25. பகல் என்பதால் பெருக்கி இல்லை.

2. 3300 ÷ 115 = 28.7, ஆகவே 29 குதிப்பு, ரிம 2.90. 540 ÷ 21 = 25.7, ஆகவே 26 குதிப்பு, ரிம 2.60. மொத்தம் 8.50 × 1.5 = ரிம 12.75.

3. 18.00 ÷ 1.5 = 12.00. அதில் 3.00 போக 9.00. 9.00 ÷ 0.25 = 36 குதிப்பு. 36ஆவது குதிப்பு, முதல் கிலோமீட்டருக்குப் பிறகு 7000 மீட்டரைத் தாண்டியதும் விழுகிறது. 7200 மீட்டர் வரை அடுத்தது விழாது. ஆகவே தூரம் 8.0 கிலோமீட்டருக்கு மேல், 8.2 கிலோமீட்டருக்குள்.

மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலோர் '8.2 கிலோமீட்டர்' என்று ஒற்றை எண்ணை எழுதுவார்கள். அதற்கு முழுப் புள்ளி கொடுக்காதீர்கள். படிக்கட்டில் ஏறியவன் எந்தப் படியில் நிற்கிறான் என்று மட்டும்தான் காசு சொல்லும். அந்தப் படியின் எந்த ஓரத்தில் நிற்கிறான் என்று சொல்லாது.